நாலு சிலிண்டரில் ஏன் 1-3-4-2? வரிசையாக 1-2-3-4 என்று வெடித்தால் என்ன?

புதுமாணவன்

வணக்கம். பயிற்சிக்காக ஒரு பழைய நாலு சிலிண்டர் இன்ஜினைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். வால்வு மூடியிலேயே 1-3-4-2 என்று பொறித்திருக்கிறது. "அதிர்வு குறையத்தான் இப்படி" என்று புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. வேறு வரிசையில் வெடித்தால் எங்கே, எப்படி அதிரும்? 1-2-4-3 என்று ஓடும் இன்ஜின்களும் இருக்கின்றனவாம், அவை இதைவிட அதிகம் குலுங்குமா? தெரிந்தவர்கள் அடியிலிருந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

வால்வுசத்தம்

எளிமையான விஷயம்தான் தம்பி. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் அடுத்தடுத்து வெடித்தால் கிராங்க் ஷாஃப்டின் ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப அடி விழும். சூடும் ஒரே இடத்தில் குவியும். அதனால்தான் ஒன்றைத் தாண்டி ஒன்று வெடிக்கும்படி வைத்திருக்கிறார்கள். 1-3-4-2 வரிசையில் அடி இங்கும் அங்குமாகப் பரவிவிடும். 1-2-3-4 என்றால் முன்னாலிருந்து பின்னால் ஒரு அலைபோல ஓடி இன்ஜினையே ஆட்டிவிடும்.

டைமிங்தாஸ்

குலுங்குகிறது என்றால் முதலில் ஸ்பார்க் டைமிங்கைப் பாருங்கள். என் வண்டியில் 4 டிகிரி தள்ளி இருந்தது. அதைச் சரிசெய்ததும் ஐடிலிங் கடிகாரம்போல ஆகிவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்தி மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

புதுமாணவன்

தாஸ் அண்ணே, எங்கள் இன்ஜின் ஓடும் நிலையிலேயே இல்லை, மேஜைமேல் பிரித்து வைத்திருக்கிறோம். நான் கேட்பது எந்த சிலிண்டருக்குப் பிறகு எது என்பதைப் பற்றி.

வால்வுசத்தம் சார், நீங்கள் சொன்னதை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். 1-க்குப் பிறகு 3, சரி. ஆனால் 3-க்குப் பிறகு 4 பக்கத்து சிலிண்டர் இல்லையா? 2 முடிந்து மறுபடி 1, அதுவும் பக்கத்தில்தானே இருக்கிறது?

மாலதி_இயந்திரம்

நல்ல கேள்வி, அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். 1-3-4-2-இல் நான்கு தாவல்கள். 1→3, 4→2 இரண்டும் ஒன்றைத் தாண்டுகின்றன. 3→4, 2→1 இரண்டும் பக்கத்து வீடு. 1-2-4-3-ஐ எண்ணினாலும் இரண்டு தாண்டல், இரண்டு பக்கத்து வீடுதான் வரும். ஆகவே "பக்கத்து சிலிண்டர் அடுத்தடுத்து வெடிக்காமல் இருக்க" என்ற காரணம் நாலு சிலிண்டருக்குப் பொருந்தாது. ஆறு சிலிண்டர்பற்றிச் சொல்லும் காரணத்தைப் பலர் நாலுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

வரிசையிலிருந்து தொடங்காதீர்கள், கிராங்க் ஷாஃப்டிலிருந்து தொடங்குங்கள். பிரித்துத்தான் வைத்திருக்கிறீர்களே, கிராங்கை எடுத்து மேஜையில் வைத்துப் பாருங்கள். 1, 4 இரண்டின் பின்களும் ஒரு பக்கம் இருக்கும், 2, 3 இரண்டும் நேர் எதிர்ப் பக்கம். 1 உச்சியில் இருக்கும்போது 4-உம் உச்சியில்தான் இருக்கும்.

இப்போது 1 வெடித்துவிட்டது என்று வையுங்கள். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி. அதில் நாலு வெடிப்பும் சம இடைவெளியில் வர வேண்டுமென்றால் 180 டிகிரிக்கு ஒன்று. கிராங்க் அரைச் சுற்று சுற்றியதும் உச்சிக்கு வந்து நிற்பவை 2-உம் 3-உம்தான். அடுத்த வெடிப்பு அந்த இரண்டில் ஒன்றில்தான் நடக்க முடியும். இன்னொரு அரைச் சுற்றில் 1-உம் 4-உம் உச்சிக்கு வரும். 1 ஏற்கெனவே வெடித்துவிட்டதால் 4-தான் வெடிக்கும். கடைசி அரைச் சுற்றில் 2, 3-இல் மிச்சமிருப்பது. அவ்வளவுதான். இந்தக் கிராங்கை வைத்துக்கொண்டு 1-3-4-2, 1-2-4-3 இரண்டைத் தவிர வேறு சம இடைவெளி வரிசை கிடையாது. 1-2-3-4 என்று யாராவது ஆசைப்பட்டாலும் 3-க்கு முறை வரும்போது அதன் பிஸ்டன் கீழே கிடக்கும்.

இந்த இரண்டில் எது என்பதைக் கேம்தான் முடிவு செய்கிறது. கிராங்க் சிலிண்டர்களை ஜோடி சேர்க்கிறது, ஜோடிக்குள் யார் முதலில் என்பதைக் கேம் சொல்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

புதுமாணவன்

கிராங்கை எடுத்துப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. ஆனால் அடுத்த கேள்வி வந்துவிட்டது. கிராங்கையே வேறு மாதிரி வார்த்திருக்கலாமே? 1, 3 ஒரு பக்கம், 2, 4 மறுபக்கம். அப்போது 1-2-3-4 சம இடைவெளியில் வந்துவிடுமே!

மாலதி_இயந்திரம்

வரும். வெடிப்பும் ஒழுங்காக 180 டிகிரிக்கு ஒன்று விழும். அதிர்வுக் கதை இங்கேதான் தொடங்குகிறது.

பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும்போது இன்ஜினை மேலே இழுக்கும், கீழே நின்று திரும்பும்போது கீழே இழுக்கும். இரண்டு மேலே, இரண்டு கீழே என்றால் கூட்டுத்தொகை பூஜ்யம். உங்கள் புதுக் கிராங்கிலும் அது பூஜ்யம்தான். ஆனால் எங்கே இழுக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இன்ஜினின் நடுவிலிருந்து தூரத்தை சிலிண்டர் இடைவெளியிலேயே அளப்போம். 1 இருப்பது -1.5-இல், 2 இருப்பது -0.5-இல், 3 இருப்பது +0.5-இல், 4 இருப்பது +1.5-இல். மேலே இழுப்பதைக் கூட்டல், கீழே இழுப்பதைக் கழித்தல் என்று வைத்துப் பெருக்கிக் கூட்டுங்கள்:

```
1,4 மேலே; 2,3 கீழே:  -1.5 + 0.5 - 0.5 + 1.5 =  0
1,3 மேலே; 2,4 கீழே:  -1.5 + 0.5 + 0.5 - 1.5 = -2
```

முதலாவது பூஜ்யம். இரண்டாவதில் மிச்சம் இருக்கிறது. முன் முனை தூக்கும்போது பின் முனை அமுங்கும், அரைச் சுற்றில் அது மாறும். தொட்டிலை நீளவாட்டில் ஆட்டுவதுபோல இன்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முன்னும் பின்னும் ஆடும். வேகம் இரட்டித்தால் அந்த ஆட்டத்தின் பலம் நாலு மடங்காகும். அதனால்தான் அந்தக் கிராங்கை விட்டுவிட்டார்கள். 1-2-3-4 வரிசையும் அதோடு போய்விட்டது.

ஆகவே உங்கள் புத்தகத்து வரி முழுத் தவறில்லை, தலைகீழாக இருக்கிறது. அதிர்வைக் குறைப்பது கிராங்கின் வடிவம். வெடிப்பு வரிசை அந்த வடிவத்திலிருந்து விழுகிறது.

வால்வுசத்தம்

பக்கத்து சிலிண்டர் விஷயத்தில் நான் சொன்னது தவறுதான், எண்ணிப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லாம் பூஜ்யம் என்றால் நாலு சிலிண்டர் இன்ஜின் 4000-க்கு மேலே ஏன் கிர்ரென்று நடுங்குகிறது? ஸ்டியரிங்கில் கைவைத்தாலே தெரிகிறதே.

கணக்கன்

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மாலதி சொன்னது சுற்றுக்கு ஒரு முறை வரும் பலம். சுற்றுக்கு இரண்டு முறை வரும் இன்னொன்று இருக்கிறது. கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து ஓடுவதால் பிஸ்டன் மேல் பாதியில் வேகமாகவும் கீழ் பாதியில் மெதுவாகவும் போகிறது. அதனால் உச்சியில் இழுக்கும் பலமும் அடியில் இழுக்கும் பலமும் சமமாக இருப்பதில்லை. மிஞ்சும் வித்தியாசம் நாலு பிஸ்டனிலும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் வருகிறது. ஒன்றை ஒன்று அழிக்காமல் நாலும் கூடிவிடுகின்றன.

எவ்வளவு என்று போட்டுப் பார்க்கலாம். ஸ்ட்ரோக் 86 மி.மீ., அதாவது கிராங்க் ஆரம் 43 மி.மீ. ராடின் நீளம் 140 மி.மீ. மேலும் கீழும் போகும் எடை ஒரு சிலிண்டருக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். 6000 ஆர்.பி.எம்.-இல் ஒரு பிஸ்டனின் முதல் வகைப் பலம் சுமார் 8500 நியூட்டன். இரண்டாம் வகை அதில் 43/140 பங்கு, அதாவது சுமார் 2600. நாலுக்கும் சேர்த்து 10,400 நியூட்டன் வரும். ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கூடுதலான எடை, வினாடிக்கு 200 முறை மேலும் கீழும். ஸ்டியரிங்கில் நீங்கள் உணர்வது இதுதான்.

ஃபயரிங் ஆர்டரை எப்படி மாற்றினாலும் இது ஒரு இம்மிகூடக் குறையாது, ஏனென்றால் பிஸ்டன் நகர்வதால் வருவது இது. வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும் வரும். இதை அடக்க கிராங்கைவிட இரு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும் இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட் வைப்பார்கள். லான்செஸ்டர் கண்ட வழி அது. பிறகு மிட்சுபிஷி அதை மேம்படுத்தியது, போர்ஷே 944-இல் அந்த உரிமத்தை வாங்கித்தான் போட்டார்கள்.

வேகம்_குமார்

யமஹா ஆர்1 பைக்கில் 2009-இல் கிராஸ்பிளேன் கிராங்க் கொண்டுவந்தது இந்த நடுக்கத்தைப் போக்கத்தானே? வெடிப்பு வரிசை 1-3-2-4 என்று படித்தேன்.

கணக்கன்

வரிசை சரி, காரணம் பாதிதான் சரி. அதில் நாலு பின்களும் 90 டிகிரி இடைவெளியில் நிற்பதால் நான் சொன்ன இரண்டாம் வகைப் பலம் அழிந்துவிடுகிறது. ஆனால் மாலதி சொன்ன முன்பின் ஆட்டம் திரும்ப வந்துவிடுகிறது, அதற்கு ஒரு பேலன்ஸ் ஷாஃப்ட் வேண்டியிருக்கிறது. வெடிப்பு இடைவெளியும் 270, 180, 90, 180 என்று ஏறுமாறாகிவிட்டது. அவர்கள் தேடியது வேறு. சாதாரணக் கிராங்கில் பிஸ்டன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்று கிளம்புவதால் கிராங்கின் முறுக்கில் ஓர் ஏற்ற இறக்கம் வரும். அதைக் குறைத்தால் த்ராட்டிலுக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு ஓட்டுபவருக்குத் தெளிவாகத் தெரியும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

பழையஇன்ஜின்

வரிசை மாறினால் என்ன ஆகும் என்று கேட்டீர்களே, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் கழற்றி மாட்டிய ஒரு பழைய நாலு சிலிண்டர். கையேட்டில் 1-3-4-2 என்றிருந்தது. வயர்களை மூடியில் கடிகாரச் சுற்றில் அதே வரிசையில் சொருகினேன். ஸ்டார்ட் ஆனது, ஆனால் இன்ஜின் மொத்தமும் டுக் டுக் டுக் என்று குதித்தது. கார்புரேட்டர் வழியாக அவ்வப்போது டப்பென்று வெடித்தது. சைலன்ஸரிலும் பெட்ரோல் நாற்றம்.

ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்தேன். 1-ஐக் கழற்றினால் நின்றுபோகப் பார்த்தது, 4-உம் அப்படித்தான். 2, 3-ஐக் கழற்றினால் எந்த மாற்றமும் இல்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். 1, 4 கிளைகளில் சுர்ரென்று மறைந்தது. நடுவில் இரண்டிலும் சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

பக்கத்துப் பக்கத்தில் 2-உம் 3-உம் செத்திருந்தால் என்ன நினைப்போம்? நடுவில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றுதான். ஹெட்டைக் கழற்ற ஸ்பேனரே எடுத்துவிட்டேன். கடைசி நேரத்தில் கம்ப்ரஷன் அளந்தேன். நாலிலும் 10 பாருக்கு மேலே, ஏறக்குறைய ஒரே அளவு. கேஸ்கெட் போயிருந்தால் அப்படி வராது. மூடியைத் திறந்து இன்ஜினைச் சுற்றச் சொல்லிப் பார்த்தேன். ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றியது. வயர்களை எதிர்த்திசையில் மாற்றிச் சொருகியதும் பூனைபோல உறுமியது.

ஆனால் ஒன்று இன்றுவரை விளங்கவில்லை. வரிசையையே தலைகீழாகப் போட்டிருக்கிறேன். நாலும் கெட்டிருக்க வேண்டாமா? 1-உம் 4-உம் எப்படித் தப்பித்தன?

மாலதி_இயந்திரம்

அண்ணே, 1-3-4-2-ஐ 1-இலிருந்து பின்னோக்கி வாசியுங்கள். 1-2-4-3 என்று வரும். 1-உம் 4-உம் தங்கள் இடத்திலேயே இருக்கின்றன, 2-உம் 3-உம் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. நான் சொன்ன இரண்டு வரிசைகளும் ஒன்றுக்கொன்று பின்னோக்கி ஓடும் வடிவங்கள். உங்கள் கேம் 1-3-4-2-க்கு வெட்டப்பட்டது, வயர் 1-2-4-3-க்குப் போடப்பட்டது.

2 அழுத்தி முடித்து உச்சியில் காத்திருக்கும்போது ஸ்பார்க் 3-க்குப் போய்விடும். 3-உம் அப்போது உச்சியில்தான் இருக்கிறது, ஆனால் அது எக்ஸாஸ்ட்டை முடித்து இன்டேக்கைத் திறக்கும் நேரம். திறந்த இன்டேக் வால்வுக்குப் பக்கத்தில் தீப்பொறி. கார்புரேட்டரில் கேட்ட டப் அதுதான். 2-இல் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்ஸருக்குப் போனது, அதுதான் நாற்றம்.

குதிப்பிலும் ஒரு சங்கதி இருக்கிறது. மிஞ்சிய 1-உம் 4-உம் 360 டிகிரிக்கு ஒன்றாக ஒழுங்காகத்தான் வெடித்திருக்கின்றன, அதனால்தான் தாளம் தப்பாமல் டுக் டுக் என்று கேட்டிருக்கிறது. 900 ஆர்.பி.எம். ஐடிலிங்கில் வினாடிக்கு 30 வெடிப்பு விழ வேண்டிய இடத்தில் 15. ஒவ்வொரு வெடிப்பும் கிராங்கை ஒரு பக்கம் முறுக்க, இன்ஜின் உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அது விரைவாக நடந்தால் ரப்பர் மவுண்ட் விழுங்கிவிடும், மெதுவாக நடந்தால் சட்டத்துக்குக் கடத்திவிடும். சம இடைவெளி, அதிக எண்ணிக்கை என்று வடிவமைப்பவர்கள் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

டைமிங்தாஸ்

இங்கே ஒரு சந்தேகம். என் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதில் இரட்டைக் காயில் வந்திருக்கிறது. ஒரு முறை 2, 3 வயர்களைத் தெரியாமல் மாற்றிச் சொருகி ஒரு வாரம் ஓட்டினேன், எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அப்படியானால் இந்த வரிசை விஷயமே பெரிதில்லை என்றாகாதா?

கணக்கன்

வித்தியாசம் தெரியாததற்குக் காரணமே அந்த வரிசைதான். உங்கள் வண்டியில் 1-4-க்கு ஒரு காயில், 2-3-க்கு ஒரு காயில். இரண்டு முனையிலும் ஒரே நொடியில் பொறி வரும். ஒன்று வேலை செய்யும், மற்றது எக்ஸாஸ்ட் முடியும் நேரத்தில் வீணாகப் போகும். 2-உம் 3-உம் எப்போதும் சேர்ந்தே பொறி வாங்குவதால் அவற்றின் வயரை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது. இதே வண்டியில் 1-ஐயும் 2-ஐயும் மாற்றிச் சொருகியிருந்தால் பிஸ்டன் அடியில் இருக்கும்போது பொறி வரும், அந்த இரண்டும் உடனே செத்திருக்கும்.

குழல்வளைப்பான்

நான் எக்ஸாஸ்ட் ஹெடர் வளைத்து வெல்டு செய்பவன். அதிர்வுபற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள், புகை போகும் வழியை யாரும் தொடவில்லை. வரிசை என் கைக்கு வருவது அங்கேதான்.

நாலு குழாயை இரண்டு இரண்டாகச் சேர்த்து, பிறகு ஒன்றாக்கும் ஹெடர் பார்த்திருப்பீர்கள். 1-உம் 4-உம் ஒரு ஜோடி, 2-உம் 3-உம் ஒரு ஜோடி. 1-இலிருந்து 4-வரை ஒரு குழாயைச் சுற்றிக் கொண்டுபோவது சிரமம். தொழில் தொடங்கிய புதிதில் நான் சோம்பல்பட்டு 1-2, 3-4 என்று பக்கத்துப் பக்கத்தில் சேர்த்துக் கொடுத்தேன். வண்டிக்காரர் மூன்றாம் நாள் திரும்ப வந்தார். 3000-ஐ ஒட்டி இழுவையே இல்லை, 5000-க்கு மேலே நன்றாக ஓடுகிறது என்றார். கிளைகளை வெட்டி 1-4, 2-3 என்று மாற்றிச் சேர்த்ததும் அந்தப் பள்ளம் மறைந்துவிட்டது. ஏன் என்று அப்போது எனக்கு முழுதாகத் தெரியாது, பெரியவர்கள் அப்படித்தான் சேர்ப்பார்கள் என்பது மட்டும் தெரியும்.

கணக்கன்

உங்கள் 3000-உம் 5000-உம் கணக்கிலேயே வருகின்றனவா என்று பார்ப்போமா? ஒரு சாதாரண கேம் எடுத்துக்கொள்கிறேன். எக்ஸாஸ்ட் வால்வு பிஸ்டன் அடியைத் தொடுவதற்கு 50 டிகிரி முன்பே திறக்கிறது, உச்சியைத் தாண்டி 10 டிகிரியில் மூடுகிறது. மொத்தம் 240 டிகிரி திறந்திருக்கும். வெடிப்புக்கும் வெடிப்புக்கும் 180 டிகிரிதான். ஆகவே முந்தைய சிலிண்டர் மூடுவதற்கு 60 டிகிரி முன்பே அடுத்தது திறந்துவிடும். சிக்கல் முழுக்க இந்த 60 டிகிரிக்குள் இருக்கிறது.

உங்கள் முதல் ஹெடரில் 1-உம் 2-உம் சேர்ந்திருக்கின்றன. வரிசையில் 2 வெடித்து 180 டிகிரியில் 1 வெடிக்கும். 2 வெடித்த புள்ளியைப் பூஜ்யம் என்று வையுங்கள். 2-இன் எக்ஸாஸ்ட் 130-இல் திறந்து 370-இல் மூடும். இன்டேக் 350-இல் திறக்கிறது என்று கொள்வோம். ஆகவே 350-இலிருந்து 370-வரை இரண்டு வால்வும் திறந்திருக்கும். 1-இன் எக்ஸாஸ்ட் 310-இல் திறக்கும். திறந்தவுடன் பாயும் அழுத்த அலை 1-இன் குழாயில் இறங்கி, சேரும் இடத்தில் திரும்பி, 2-இன் குழாயில் ஏறும். ஒவ்வொரு குழாயும் 40 செ.மீ. என்றால் மொத்தம் 80 செ.மீ. அலை சூடான புகையில் வினாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் ஓடும் என்றால் 1.6 மில்லி வினாடி.

3000 ஆர்.பி.எம்.-இல் அந்த நேரத்தில் கிராங்க் 29 டிகிரி சுற்றும். அலையின் முன்விளிம்பு 339-இல் 2-இன் வால்வைத் தொடும், அதன் கனமான பகுதி 350-370-க்குள் சரியாகப் போய் விழும். வெளியே போன புகை உள்ளே திரும்பி, இன்டேக் வரையிலும் தள்ளும். புதுக் காற்றுக்கு இடம் குறையும். 6000-இல் அதே அலை 58 டிகிரி கழித்து, 368-இல் வந்து சேரும். அதற்குள் வால்வு மூடிக்கொண்டிருக்கும். ஆகவேதான் மேலே நன்றாக ஓடியது.

1-4 ஜோடியில் 2-க்குப் பதில் 1-ஐப் பூஜ்யமாக வையுங்கள். அதன் எக்ஸாஸ்ட் 370-இல் மூடிவிடும். 4-இன் எக்ஸாஸ்ட் திறப்பது 490-இல். நடுவில் 120 டிகிரி இடைவெளி, மோதல் இல்லை. ட்வின் ஸ்க்ரோல் டர்போவில் 1-4-க்கு ஒரு வாய், 2-3-க்கு ஒரு வாய் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

குழல்வளைப்பான்

ஐயா, இத்தனை வருடம் கைப்பழக்கமாகச் செய்ததற்கு இன்றைக்குத்தான் எண் கிடைத்திருக்கிறது. ஒன்று கேட்கட்டுமா? என் கணக்குப்படி 1-2, 3-4 ஹெடரில் 2-உம் 3-உம் மட்டும்தான் அடிபட வேண்டும், 1-உம் 4-உம் தப்பிக்க வேண்டும். சரியா?

கணக்கன்

மிகச் சரி. 2-க்குப் பின்னால் 1 வருகிறது, 3-க்குப் பின்னால் 4 வருகிறது. பின்னால் வருபவர் முன்னால் போனவரை மிதிக்கிறார். 1-க்குப் பின்னால் அதே குழாயில் அடுத்த வெடிப்பு 540 டிகிரி கழித்துத்தான்.

புதுமாணவன்

ஜோடி என்று மாலதி அக்கா முதலில் சொன்னது இப்போது எல்லா இடத்திலும் தெரிகிறது. காயில், ஹெடர், வயர் எல்லாம் அதே ஜோடிதான். ஆறு சிலிண்டரையும் போட்டுப் பார்த்தேன். கிராங்கில் ஜோடிகள் 1-6, 2-5, 3-4. ஒவ்வொரு ஜோடியிலும் யார் முதலில் என்று மாற்றி மாற்றி எழுதினால் ஒரு கிராங்குக்கு நாலு வரிசை வருகிறது: 1-5-3-6-2-4, 1-5-4-6-2-3, 1-2-3-6-5-4, 1-2-4-6-5-3. சரியா?

மாலதி_இயந்திரம்

நாலும் சரி. அந்த நாலில் முதலாவதைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஏன் என்று பாருங்கள்: 1, 5, 3, 6, 2, 4. முன் பாதி, பின் பாதி, முன், பின் என்று மாறி மாறி வருகிறது. பக்கத்து சிலிண்டர் ஒன்றுகூட அடுத்தடுத்து இல்லை. வால்வுசத்தம் அண்ணன் சொன்ன காரணம் இங்கே முழு உண்மை. எக்ஸாஸ்ட்டிலும் 1-2-3 ஒரு குழாய், 4-5-6 ஒரு குழாய் என்று நேராகச் சேர்த்தாலே ஒவ்வொன்றிலும் 240 டிகிரிக்கு ஒரு வெடிப்புதான். கணக்கன் போட்ட 240 டிகிரி கேமோடு ஒப்பிட்டால் ஒன்று மூடும்போதுதான் அடுத்தது திறக்கும். குழாயைச் சுற்றி வளைக்கும் வேலையே இல்லை.

வி8-இல் தேர்வு இன்னும் விரியும், எட்டு வழி. ஷெவர்லே பழைய ஸ்மால் பிளாக்கில் 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்களெல்லாம் ஒரு வரிசையில், இரட்டைப்படை மறு வரிசையில். 5-உம் 7-உம் பக்கத்துப் பக்கத்தில், 90 டிகிரி இடைவெளியில் அடுத்தடுத்து வெடிக்கின்றன. 1997-இல் வந்த எல்எஸ்1-இல் 1-8-7-2-6-5-4-3 என்று மாற்றினார்கள். ஒப்பிட்டுப் பாருங்கள், 4-உம் 7-உம் இடம் மாறியிருக்கின்றன, 2-உம் 3-உம் மாறியிருக்கின்றன. கிராங்க் அப்படியே. கேம் மட்டும்தான் வேறு.

வேகம்_குமார்

பழைய இன்ஜினில் 4-ஐயும் 7-ஐயும் மட்டும் மாற்றிய கேம் போட்டால் பவர் கூடும் என்கிறார்களே, உண்மையா?

மாலதி_இயந்திரம்

5-7 மோதல் போய்விடுகிறது, ஏழாம் சிலிண்டருக்கு நல்லது. ஆனால் 90 டிகிரி நெருக்கம் ஒழிவதில்லை, வேறு சிலிண்டர்களுக்கு இடம் மாறுகிறது. கிராங்கின் முறுக்கும் பேரிங் சுமையும் சீராகும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பவர் எவ்வளவு கூடும் என்பது இன்டேக் மேனிஃபோல்டின் வடிவத்தைப் பொறுத்தது. நான் பார்த்தவற்றில் கேமை மாற்றியவர்கள் கூடவே வேறு நாலு விஷயங்களையும் மாற்றியிருந்தார்கள், எதனால் கூடியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வால்வுசத்தம்

எல்லாம் சரி. தம்பியின் கடைசிக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே. 1-3-4-2-உம் 1-2-4-3-உம் எல்லா வகையிலும் சமம் என்றால், பெரும்பாலானவர்கள் ஏன் முதலாவதையே எடுத்தார்கள்? ஃபோர்டு கென்ட் இன்ஜினில் 1-2-4-3, அதே ஃபோர்டின் பின்ட்டோ இன்ஜினில் 1-3-4-2. ஏதாவது காரணம் இருக்க வேண்டும்.

கணக்கன்

ஒன்று மற்றதன் பின்னோக்கிய வடிவம் என்பதால் கிராங்கின் சமநிலையிலோ குழாய் ஜோடியிலோ வித்தியாசம் கிடையாது. முதலில் எடுத்தவரைப் பார்த்து மற்றவர்கள் எடுத்தார்கள், பிறகு அது பழக்கமானது என்பதுதான் என் எண்ணம்.

மாலதி_இயந்திரம்

நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். முன் முனையில் டைமிங் செயின், பின் முனையில் ஃப்ளைவீல். இரண்டு முனையும் ஒன்றல்ல. 2→1 என்று முன்முனையை நோக்கி ஓடும் அடியும் 1→2 என்று விலகி ஓடும் அடியும் நீண்ட மெல்லிய கிராங்கில் ஒரே மாதிரி முறுக்கைத் தருமா என்பது எனக்குச் சந்தேகம்.

கணக்கன்

ஆனால் 1-3-4-2-இல் 2→1 முன்னோக்கி என்றால் 3→4 பின்னோக்கி. மற்றதில் 1→2 பின்னோக்கி, 4→3 முன்னோக்கி. இரண்டிலும் இரண்டும் இருக்கின்றன.

மாலதி_இயந்திரம்

இருக்கின்றன, ஆனால் ஃப்ளைவீலுக்குப் பக்கத்தில் எது, தூரத்தில் எது என்பது மாறுகிறதே. அளந்து பார்த்தவர் யாராவது இருந்தால் எழுதட்டும்.

புதுமாணவன்

நாளைக்குக் கேமை வெளியே எடுக்கிறோம். 2, 3-இன் லோப்களைக் கிராங்கோடு ஒப்பிட்டு, 1-3-4-2-க்கு வெட்டியது எப்படித் தெரிகிறது என்று படம் எடுத்துப் போடுகிறேன். பழையஇன்ஜின் அண்ணே, ரோட்டர் எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதை வயர் சொருகுவதற்கு முன்பே மூடியில் அம்புக்குறி போட்டு வைத்துவிட்டேன்.

பழையஇன்ஜின்

அம்புக்குறியோடு 1-ஆம் சிலிண்டரின் இடத்தையும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலிலேயே கீறி வையுங்கள் தம்பி. மூடி மாறிவிடும், உடல் மாறாது.